“அவர்களுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?” – சோலார் நீர்ப்பம்பி விற்பவர்களுக்கான கேள்வி பதில்கள்

வன்னியில் சோலார் பம்பி விற்கும் வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கிளிநொச்சி, மாங்குளம், மல்லாவி, ஒட்டுசுட்டான் என்று கிணறு கிணறாக இறங்கி ஏறியதில் கற்றுக்கொண்டதுதான் பதில்களில் இருக்கிறது. வேறு பொருள் விற்பவர்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்று அவரவரே பார்த்துக்கொள்ளட்டும்.

“மற்றக் கடைக்காரர்களுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?” என்று விவசாயி கேட்டவுடன் வாயில் வரவேண்டிய முதல் வசனம் எது?

“ஐயா, அவர்கள் தந்த விலைமனு கையில் இருக்கிறதா? பார்க்கலாமா?”

இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது. அவர் எதை எதனோடு ஒப்பிடுகிறார் என்பது தெரியாமல் நாம் வாய் திறந்தால், நம் மனதில் இருக்கும் ஒரு கற்பனைக் கடையோடுதான் நம்மை ஒப்பிடுவோம். அந்தக் கற்பனைக் கடை எப்போதும் நம்மைவிட மோசமாகவே இருக்கும்.

விலைமனு கிடைத்த பிறகும் உடனே பேச வேண்டாம். கிணற்றைப் பார்க்கவேண்டும். இரண்டு பம்பிகளுக்கு இடையே பொதுவான வித்தியாசம் என்று ஒன்று அநேகமாக இல்லை. இந்தக் கிணற்றில், இந்தத் தூரத்துக்கு, ஆவணி மாதத்து நீர்மட்டத்தில் என்ன வித்தியாசம் என்பதற்கு மட்டுமே உண்மையான பதில் உண்டு. கடை மேசையில் இருந்துகொண்டு சொல்லும் எந்த ஒப்பீடும் பாதிதான்.

போட்டியாளரின் பம்பியைப் பற்றி எதையெல்லாம் நான் சொல்லலாம்?

மூன்று இடங்களிலிருந்து வந்ததைச் சொல்லலாம்: அவர்களே அச்சிட்ட விவரத்தாளில் இருப்பது, வாடிக்கையாளர் கையில் காட்டும் விலைமனுவில் இருப்பது, உங்கள் கண்ணால் அளந்து பார்த்தது. சொல்லும்போது எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். “அவர்களின் தாளில் இப்படி இருக்கிறது, நீங்களே பாருங்கள்” என்றால் அவர் உங்களை நம்பவேண்டிய தேவையே இல்லை; தாளை நம்பினால் போதும்.

வேறு வாடிக்கையாளர் சொன்னது, கடைப் பையன் சொன்னது, இரண்டு வருடத்துக்கு முன்பு நீங்கள் கேள்விப்பட்டது ஆகியவை இதில் சேராது. இதை நான் ஒரு நல்ல வியாபாரத்தை இழந்துதான் கற்றேன். பரந்தன் பக்கம் ஒரு பெரியவரிடம், “அவர்கள் பம்பிக்கு ஒரு வருடம்தான் உத்தரவாதம் தருகிறார்கள்” என்று உறுதியாகச் சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போய், அதே கடையின் உத்தரவாத அட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். மூன்று வருடம் என்று அச்சிட்டிருந்தது. அவர்கள் இடையில் மாற்றியிருக்கிறார்கள், எனக்குத் தெரியவில்லை. நான் பொய் சொல்ல நினைக்கவில்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அதற்குப் பிறகு நான் என் பம்பியைப் பற்றிச் சொன்ன உண்மைகளையும் அவர் கேட்கவில்லை.

ஒரு உண்மையான ஒப்பீட்டை அடி முதல் நுனி வரை காட்டுவீர்களா?

மல்லாவிக்கு அருகே ஓர் ஏக்கர் மிளகாய்த் தோட்டம். கிணறு ஐந்து மீற்றர் அகலம், ஒன்பதரை மீற்றர் ஆழம். தண்ணீரை எண்பது மீற்றர் தூரத்தில், நிலத்திலிருந்து மூன்று மீற்றர் உயரத்தில் இருக்கும் தாங்கிக்கு ஏற்றவேண்டும். மற்றக் கடை தந்திருந்தது மேலே வைத்து இறைக்கும் பம்பி. நாங்கள் கொடுக்கவிருந்தது தண்ணீருக்குள் இறக்கும் நீர்மூழ்கிப் பம்பி. தோட்டக்காரர் கேட்டார்: “அவர்களுடையது மணிக்கு எட்டாயிரம் லீற்றர் என்கிறார்கள். உங்களுடையது அவ்வளவு இல்லையே, தம்பி?”

முதலில் எண்களை ஒரே தரைக்குக் கொண்டுவரவேண்டும். எட்டாயிரம் என்பது அவர்களின் தாளில் “அதிகபட்சப் பாய்ச்சல்”. அதாவது எந்த உயரத்துக்கும் ஏற்றாமல், குழாயின் வாயில் அப்படியே கொட்டவிட்டால் வருவது. பக்கத்தில் இருந்த 28 மீற்றர் “அதிகபட்ச உயரம்”. அந்த உயரத்தில் ஒரு சொட்டும் வெளியே வராது. இரண்டும் ஒரே நேரத்தில் கிடைப்பதில்லை. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. எங்கள் தாளும் அப்படித்தான் அச்சிடப்பட்டிருக்கிறது, அதையும் அவருக்குக் காட்டினேன்.

அவருடைய தோட்டத்துக்கு எத்தனை மீற்றர் என்று அடுத்துப் பார்த்தோம். நான் போனது சித்திரை மாதம். கயிற்றில் கல் கட்டி இறக்கி அளந்தபோது தண்ணீர் 4.1 மீற்றரில் இருந்தது. ஆனால் மிளகாய்க்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படும் காலத்து நீர்மட்டம்தானே வேண்டும்? அவருடைய மனைவி கிணற்றடிக் கப்பிக் கயிற்றைக் காட்டினார். அதில் ஓரிடத்தில் சிவப்புத் துணி முடிந்திருந்தது. “ஆவணியில் வாளி தண்ணீரைத் தொடுவதற்குக் கயிறு இதுவரை போகும், தம்பி” என்றார். அளந்தோம், 7.4 மீற்றர். அந்தச் சிவப்புத் துணியைவிட நம்பகமான தகவல் எந்த விவரத்தாளிலும் எனக்குக் கிடைத்திருக்காது.

7.4 மீற்றர் கிணறு, மூன்று மீற்றர் தாங்கி. அதோடு குழாய்க்குள் உராய்வு. அவர் ஏற்கனவே புதைத்திருந்தது உள்விட்டம் 40 மில்லிமீற்றர் குழாய். அதில் மணிக்கு ஐயாயிரம் லீற்றர் போனால் எண்பது மீற்றருக்கு ஏறக்குறைய 2.6 மீற்றர் உயரத்துக்குச் சமமான இழப்பு. ஆக மொத்தம் 13 மீற்றர். இப்போது இரண்டு தாள்களிலும், எந்த உயரத்துக்கு எவ்வளவு பாய்ச்சல் என்று காட்டும் வளையியில் 13 மீற்றரில் கோடு இழுத்தோம். எங்களுடையது மணிக்கு ஏறத்தாழ 5,000 லீற்றர். அவர்களுடையது 6,500. “ஆம், இந்த உயரத்தில் அவர்களுடையது கூடுதலாகத் தரும்” என்று சொன்னேன்.

அவருக்கு எவ்வளவு தேவை? ஓர் ஏக்கருக்கு நாளுக்கு ஐந்து மில்லிமீற்றர் தண்ணீர் என்று எடுத்தால் இருபதாயிரம் லீற்றர். நல்ல வெயிலில் நான்கு மணித்தியாலத்தில் எங்களுடையது அதைத் தந்துவிடும். அவர்களுடையது மூன்று மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் தரும். இரண்டும் போதும்.

அப்படியென்றால் வித்தியாசம் எங்கே? உறிஞ்சும் உயரத்தில். மேலே இருக்கும் எந்தப் பம்பியும் தண்ணீரை இழுத்து எடுப்பதில்லை. காற்றழுத்தம்தான் தண்ணீரைக் குழாய்க்குள் மேலே தள்ளுகிறது. அதற்கு இயற்கை விதித்த எல்லை ஏறக்குறைய பத்து மீற்றர். குழாய், அதன் அடிநுனியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட்வால்வு ஆகியவற்றின் இழப்புப் போக நடைமுறையில் ஏழு மீற்றர்வரை நம்பலாம். சித்திரையில் 4.1 மீற்றரில் அவர்களின் பம்பி அழகாக ஓடும். ஆவணியில் 7.4, அதிலும் இருபதாயிரம் லீற்றர் எடுக்க எடுக்க இன்னும் அரை மீற்றராவது கீழே போகும். அப்போது பம்பிக்குள் சரளைக்கல் உருள்வதுபோல் சத்தம் கேட்கும், தண்ணீர் குமிழியோடு விட்டுவிட்டு வரும், பிறகு நின்றுவிடும்.

இங்கே நிறுத்தியிருந்தால் நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனாலும் அது நேர்மையான பதில் அல்ல. ஏனென்றால் அந்தக் கிணற்றுக்குள் மூன்று மீற்றர் கீழே, முன்பு மண்ணெண்ணெய் இயந்திரம் வைத்த சீமெந்துத் தட்டு ஒன்று இருந்தது. பம்பியை அந்தத் தட்டில் வைத்தால் உறிஞ்சவேண்டிய உயரம் நான்கரை, ஐந்து மீற்றர்தான். அவர்களின் பம்பி ஆவணியிலும் ஓடும். அதையும் சொன்னேன். கூடவே, ஐப்பசி மழைக்கு அவருடைய கிணறு மேல்விளிம்புக்கு ஒரு மீற்றர் கீழே வரை நிரம்பும் என்பதால், மழைக்கு முன்பு இரண்டு பேர் பம்பியைத் தூக்கி வெளியே வைக்கவேண்டும், மழை முடிந்து மீண்டும் இறக்கவேண்டும், ஒரு வருடம் மறந்தாலும் மோட்டர் போய்விடும் என்றும் சொன்னேன்.

எங்களுடையதற்கும் குறை உண்டு. தண்ணீருக்குள் இருக்கும் பம்பி பழுதானால் கிளிநொச்சியில் மோட்டர் சுற்றும் கடையில் கொடுத்துத் திருத்த முடியாது. உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து வரவேண்டும். ஒரு தடவை பன்னிரண்டு நாள் எடுத்தது. மேலே வைக்கும் பம்பிக்கு சீல் தேய்ந்தால் அதே நாளில் மாற்றித்தரும் ஆட்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். மிளகாய் பூக்கும் நேரத்தில் பன்னிரண்டு நாள் என்பது சின்ன விடயம் அல்ல.

அவர் மற்றக் கடையிலேயே வாங்கினார். இரண்டு ஆண் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள், தூக்குவது பெரிய வேலை இல்லை என்றார்.

அவர்களின் விலை எங்களைவிடக் குறைவு. அதை எப்படிச் சமாளிப்பது?

சமாளிக்க வேண்டாம், கணக்குப் பாருங்கள். அதே மல்லாவிக் காரரின் கையில் இருந்த விலைமனு எங்களுடையதைவிட 85,000 ரூபா குறைவு. வரிக்கு வரி வைத்துப் பார்த்தபோது, அவர்களின் தொகையில் பம்பி, சோலார் தகடுகள், கட்டுப்பாட்டுப் பெட்டி மட்டுமே இருந்தன. எங்களுடையதில் தகடு தாங்கும் இரும்புச் சட்டம் 28,000, வயர் 12,000, ஏற்றுக்கூலியும் பொருத்துக்கூலியும் 20,000 என்று அறுபதாயிரம் ரூபாவுக்கான வேலை உள்ளே இருந்தது. அதைக் கழித்தாலும் 25,000 ரூபா அவர்கள்தான் குறைவு. அந்த 25,000 ஐ நான் மறைக்கவில்லை.

வரிக்கு வரி பார்க்கும்போது உங்களுக்குச் சாதகமான வரியில் மட்டும் விரல் வைக்கும் பழக்கம் வரும். ஒருமுறை மேலிருந்து கீழே முழுவதும் வாசித்துக் காட்டிவிட்டு, பேனாவை அவரிடமே கொடுத்துவிடுங்கள். அவர் தானாகக் கூட்டிப் பார்ப்பதுதான் நம்பகமான கணக்கு.

“அவர்கள் 25 வருட உத்தரவாதம் தருகிறார்கள், நீங்கள் இரண்டு வருடம்தானா?” என்று கேட்கிறார்கள்.

பெரும்பாலும் இரண்டு பேரும் வெவ்வேறு பொருளைப் பற்றிப் பேசுகிறீர்கள். 25 வருடம் என்பது வழக்கமாகச் சோலார் தகட்டின் மின்திறன் பற்றிய வாக்குறுதி: அத்தனை வருடம் கழித்தும் ஆரம்பத் திறனின் இத்தனை வீதம் தரும் என்பது, பல தகடுகளுக்கு 80 வீதம் அல்லது அதற்குச் சற்று மேல். தகடு உடைந்தால், உள்ளே நீர் புகுந்தால் மாற்றித்தரும் உத்தரவாதம் வேறு, அது குறுகியது. பம்பியின் உத்தரவாதம் இன்னும் குறுகியது. கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு வேறொன்று. உங்கள் தகட்டுக்கும் அதே 25 வருடம் இருக்கக்கூடும், உங்கள் அட்டையை எடுத்துப் பாருங்கள்.

ஆகவே நான்கையும் தனித்தனியாக எழுதி, பக்கத்தில் அவர்களின் நான்கையும் அவரைக் கொண்டே நிரப்பச் செய்யுங்கள். அவரிடம் அந்த அட்டை இல்லாவிட்டால் அந்த இடம் வெறுமையாக இருக்கட்டும். “கேட்டு எழுதுங்கள், ஐயா” என்றால் போதும். வெறுமையான இடத்தை உங்கள் ஊகத்தால் நிரப்புவதுதான் பரந்தனில் நான் செய்த பிழை.

அவர்களின் பம்பி பழுதாகிக் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லக்கூடாதா?

பார்த்ததாகவே இருக்கட்டும். ஏன் பழுதானது என்று தெரியுமா? ஃபுட்வால்வில் சருகு அடைத்து, தண்ணீர் இல்லாமல் ஓடி எரிந்திருக்கலாம். மின்னல் அடித்திருக்கலாம். பொருத்தியவர் மண்ணில் புதைக்கும் பூமிக்கம்பியை விட்டிருக்கலாம். பொருளின் குறை, பொருத்தியதன் குறை, பாவித்ததன் குறை என்பதைப் பிரித்தறியாமல் ஒரு பழுதை எடுத்துக் காட்டினால், உங்கள் பம்பிகளில் பழுதானவற்றை அவர்களும் எடுத்துக் காட்டலாம். எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும்.

பழுதைப் பற்றிப் பேசவே வேண்டுமென்றால் உங்களுடையதைப் பற்றிப் பேசுங்கள். “எங்கள் பம்பி தண்ணீர் இல்லாமல் ஓடினால் தானாக நிற்கும், அதற்கான உணரி பெட்டியோடு வருகிறது. அவர்களுடையதில் இருக்கிறதா என்று கேளுங்கள்.” இதில் யார் மீதும் சேறு இல்லை, அவருக்குப் பயன்படும் கேள்வி ஒன்று கிடைத்திருக்கிறது. ஆனால் அவர்களுடையதில் அது இருக்கிறது என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்தால், இல்லாததுபோல் தொனிக்க இப்படிக் கேட்கச் சொல்வதும் வஞ்சகமே.

இந்தப் பேச்சுக்கெல்லாம் சட்டம் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு, வியாபாரத்தில் நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையைத் தடுக்கிறது. 31 ஆம் பிரிவு பொருள் பற்றிய பொய்யான கூற்றுகளைப் பற்றியது. அதே ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 160 ஆம் பிரிவு, நியாயமற்ற போட்டி என்ற தலைப்பில், இன்னொருவரின் தொழிலுக்கு இழுக்கு வரும்படி பொய்யாகச் சொல்வதையும் உள்ளடக்குகிறது. உங்கள் கைபேசியில் அனுப்பும் ஒரு குரல்பதிவு பத்துத் தோட்டக்காரர்களிடம் சுற்றும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் எங்களைப் பற்றிப் பொய் சொல்கிறார்கள். நாங்கள் மட்டும் நியாயம் பார்க்கவேண்டுமா?

பொய்யை அளவால் திருத்துங்கள். “இவர்களின் பம்பி சொல்லுகிற தண்ணீரைத் தராது” என்று எங்களைப் பற்றி ஒரு பேச்சு வந்தபோது, நாங்கள் பொருத்தியிருந்த இடத்துக்கே கேட்டவரை அழைத்துப்போனோம். இருநூறு லீற்றர் பரல் ஒன்றைத் தாங்கியின் வாயில் வைத்தோம். காலை பதினொரு மணி, மேகம் இல்லை. பரல் நிரம்ப 2 நிமிடம் 24 செக்கன். அதாவது மணிக்கு ஐயாயிரம் லீற்றர். கைபேசியின் நேரங்காட்டியை அவரே அழுத்தினார்.

காலை எட்டு மணிக்கும் ஒருமுறை அளந்து காட்டுங்கள், பாய்ச்சல் நன்றாகக் குறைந்திருக்கும். உச்சி வெயிலில் மட்டும் அளந்து காட்டினால் நாமும் அதே அரை உண்மையைத்தான் சொல்கிறோம். சொன்னவர் யார் என்பதை அந்த இடத்தில் பேசவேண்டிய தேவை வரவில்லை, அவரும் கேட்கவில்லை.

எழுத்தில் ஒப்பீடு கேட்கிறார்கள். எப்படிக் கொடுப்பது?

ஒரே தாளில் கொடுங்கள். மேலே திகதி. அடுத்து கிணற்றின் அளவு, ஆவணி நீர்மட்டம், குழாயின் விட்டமும் நீளமும், மொத்த உயரம். அதன் கீழ் அந்த உயரத்தில் இரண்டு பம்பிகளின் பாய்ச்சல், பொருத்திமுடித்த விலை, நான்கு உத்தரவாதங்கள், பழுதானால் யார் எங்கிருந்து வருவார். மற்றக் கடையின் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் “அவர்களின் விலைமனுவின்படி” அல்லது “அவர்களின் விவரத்தாளின்படி” என்று எழுதுங்கள். “சிறந்தது”, “தரமற்றது” போன்ற சொற்களுக்கு அந்தத் தாளில் இடம் இல்லை.

எழுதி முடித்ததும் நான் ஒரு சோதனை செய்வேன். இந்தத் தாளை அந்தக் கடையின் முதலாளி வாசித்தால், எந்த வரியைப் பார்த்து “இது சரியில்லை” என்பார்? அப்படி ஒரு வரி தெரிந்தால் அதைத் திருத்துவேன், அல்லது எடுத்துவிடுவேன். ஒருமுறை உண்மையிலேயே அப்படி ஒரு தாள் அவர்களின் கைக்குப் போய், அங்கிருந்து அழைப்பு வந்தது. உத்தரவாத வரியில் ஒரு வருடம் பிழை, அவர்களின் புதிய அட்டையில் கூடியிருக்கிறது என்றார்கள். அன்றே திருத்திய தாளைத் தோட்டக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர்களுடையதுதான் பொருத்தம் என்று தெரிந்துவிட்டால்?

சொல்லிவிடுங்கள், அதுவும் முதல் நாளிலேயே. கிணற்றில் தட்டு இருக்கிறது, வீட்டில் தூக்க ஆள் இருக்கிறது, ஆவணியிலும் தண்ணீர் அந்தத் தட்டிலிருந்து ஐந்து மீற்றருக்குக் கீழே போவதில்லை என்றால் மேலே வைக்கும் பம்பி போதும். அதற்கு மேல் அவர் செலவழிக்கத் தேவையில்லை. குழாய்க்கிணறு என்றால் நிலைமை மறுபக்கம்: தண்ணீர் பன்னிரண்டு, பதினைந்து மீற்றரில் இருக்கும்போது மேலே வைத்து உறிஞ்சும் சாதாரணப் பம்பிக்கு அங்கே வேலையே இல்லை, அதையும் அதே குரலில் சொல்லலாம்.

முதல் நாளிலேயே என்று நான் சொல்வதற்குக் காரணம், சிறுபோகத்துக்கு முன்பு பொருத்திமுடிக்கக் கிடைக்கும் நாட்கள் குறைவு. நீங்கள் இழுத்தடிக்கும் இரண்டு வாரம் அவருடைய பயிருக்குரிய இரண்டு வாரம்.